முதல் சிலிண்டர் மாற்றிய பிறகு கேளுங்கள்

சமையலறை மரவேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் "எப்படி இருக்கிறது?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார். வேறென்ன சொல்ல முடியும்? அலமாரிகளுக்குள் இன்னும் ஒரு டம்ளர்கூட ஏறவில்லை. கதவுகளில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் பாதிதான் உரிந்திருக்கிறது. எதிரே வேலை செய்த ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் குறை சொல்லும் மனம் யாருக்கும் வராது. அந்தப் பதிலை நம்பி அடுத்த வீட்டுக்கும் அதே வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போவதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாலும் நடக்கிறது.

கோவையில் மாடுலர் கிச்சன் செய்து கொடுக்கிறேன். சிறிய தொழில்தான்: ஒரு பட்டறை, சில தச்சர்கள், கணக்குப் பார்க்க ஒரு பெண். வேலை முடிந்த வீடுகளில் கருத்துக் கேட்பதற்கு எங்களிடம் இப்போது ஒரு முறை இருக்கிறது. என்னைப் போன்ற சிறு ஒப்பந்ததாரர்கள் பலர் இதை நட்சத்திரக் குறிகளாலும் கூகுள் படிவங்களாலும் செய்துபார்த்துவிட்டு, பயனில்லை என்று கைவிடுகிறார்கள். கேட்பதில் தவறில்லை, கேட்கும் கேள்வியிலும் நேரத்திலும் ஆளிலும்தான் கோளாறு.

நேரத்தை முதலில் சொல்கிறேன். ஒப்படைத்த தேதியிலிருந்து முப்பது நாள், நாற்பது நாள் என்று எண்ணுவது பயன்படாது. நம் ஊரில் வேலை முடிந்தாலும் நல்ல நாள் பார்த்துத்தான் பால் காய்ச்சுவார்கள். காய்ச்சிய பிறகும் பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்து குடிபோவார்கள். ஒப்படைத்து இரண்டு மாதமாகியும் அடுப்பு பற்றவைக்காத வீடுகள் உண்டு. அதனால் நாங்கள் வேறோர் அடையாளம் வைத்திருக்கிறோம்: புது வீட்டில் முதல் சிலிண்டர் தீர்ந்து மாற்றிய பிறகு கேட்போம். 14.2 கிலோ சிலிண்டர் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ வரும். அது தீர்ந்தது என்றால் அந்தச் சமையலறையில் நிஜமாகவே சமையல் நடந்திருக்கிறது. மாற்றும்போது அடுப்புக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து, சிலிண்டரை வெளியே இழுத்து, குனிந்து ரெகுலேட்டரைக் கழற்றியிருப்பார்கள். எங்கள் அளவுகள் சரியா இல்லையா என்பது அந்த வேலையிலேயே பாதி தெரிந்துவிடும்.

பாரம் ஏறிய கதவுகள் லேசாகத் தொங்க ஆரம்பிப்பதும் அந்தக் காலத்தில்தான். இப்போது பரவலாகப் போடும் ஹிஞ்ச் எல்லாவற்றிலும் கதவை மேலும் கீழும், பக்கவாட்டிலும், உள்ளும் வெளியுமாக நகர்த்தத் திருகுகள் இருக்கின்றன. ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பத்து நிமிடம் திருப்பினால் முடிகிற காரியம். ஆனால் யாரும் கேட்காவிட்டால் அந்த வீட்டம்மா அதை எங்களிடம் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டில் சொல்வார். "ஒரே மாதத்தில் ஹிஞ்ச் போய்விட்டது" என்ற செய்தி தெருவெல்லாம் போய்ச் சேரும், எங்களைத் தவிர.

நேரத்தில் இன்னொன்றும் சேர்த்தி. கடைசித் தவணை பாக்கி இருக்கும்போது கருத்துக் கேட்கக் கூடாது. ஐந்து, பத்து சதவீதத்தை நிறுத்திவைத்திருப்பவரிடம் குறை என்ன என்று கேட்டால், அந்தக் கேள்வியே பேரம் பேச அழைப்பதாகிவிடும். இல்லாத கீறல்கள் எல்லாம் அன்றைக்குக் கண்ணில் படும். சிலர் நேர்மாறாக, பணம் தர வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில் ஒரேயடியாகப் புகழ்ந்துவிடுவார்கள். இரண்டு பதிலும் வேலைக்கு உதவாது. கணக்கு முடிந்து ரசீது போன பிறகு வரும் பதிலில்தான் இரண்டு பக்கமும் லாபநஷ்டம் இல்லை.

அடுத்தது, யாரிடம் கேட்பது. கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவரிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கைபேசியில் இருப்பது அவருடைய எண்தான். ஆனால் பணம் கொடுப்பவர் ஒருவர், வடிவத்தையும் நிறத்தையும் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர், தினமும் நின்று சமைப்பவர் மூன்றாமவர். மருமகள் அலுவலகம் போக, மாமியார் சமைக்கும் வீடு. மகன் பெங்களூரிலிருந்து பணம் அனுப்ப, பெற்றோர் மட்டும் குடியிருக்கும் வீடு. சமையலுக்கு ஆள் வரும் வீடு. இப்படிப்பட்ட வீடுகளில் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்டு வரும் பதில், சமையலறையைப் பற்றியது அல்ல. செலவு செய்த திருப்தியைப் பற்றியது. எனவே இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்கிறோம். பணம் கொடுத்தவரிடம் வேலை நடந்த விதத்தைப் பற்றி. சமைப்பவரிடம் சமையலறையைப் பற்றி. சமைப்பவரிடம் பேசலாமா என்று முதலாமவரிடம் அனுமதி கேட்டுக்கொள்வது மரியாதை. இதுவரை யாரும் மறுத்ததில்லை. "அம்மாவிடமே கேளுங்கள், எனக்கும் தெரியாது" என்று நிம்மதியாக எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி, கேள்வி. "எங்கள் வேலை திருப்தியாக இருந்ததா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவும்." இது யாருக்கும் பழகிய கேள்வி, பதில் சொல்ல எளிது, கேட்டவனுக்குக் கிடைப்பதோ ஒன்றுமில்லை. 4 என்று வந்தால் அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்று தெரியாது. 2003இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஃபிரெட் ரைக்ஹெல்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, "எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள்" என்ற கேள்வி உலகமெங்கும் பரவியது. வங்கியிலிருந்து உணவு விநியோகம் வரை எல்லோரும் இதைக் கேட்பது அதனால்தான். ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டு மாதாமாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் பெரிய நிறுவனத்துக்கு அது உதவலாம். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் வீடுகளை முடிக்கும் எனக்கு ஒரு கோபக்காரர் போதும், சராசரியைச் சாய்த்துவிடுவார்.

வேறு விதமாகக் கேட்க வழி பழையது. ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படைக்காகச் செய்த ஆய்வுகளிலிருந்து உருவான ஒரு முறையை 1954இல் கட்டுரையாக எழுதினார். அதன் சாரம், ஒருவரிடம் பொதுவான அபிப்பிராயம் கேட்காமல், நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொல்வது. என்ன நடந்தது, யார் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று? அபிப்பிராயம் சொல்லும்போது மனிதர்கள் நாகரிகம் பார்ப்பார்கள். நடந்ததைச் சொல்லும்போது அவ்வளவு பார்ப்பதில்லை. அதில் யாரையும் குறை சொல்வதாக அவர்களுக்கே தோன்றாது.

சமைப்பவருக்கு நாங்கள் அனுப்புவது இதுதான்:

"வணக்கம் அம்மா. புதுச் சமையலறையில் சமைக்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்றே கேள்விகள். ஒரு வரியில் சொன்னால் போதும். குரல் பதிவாகவும் அனுப்பலாம்.

1. போன வாரம் முழுவதும் நீங்கள் திறக்கவே திறக்காத அலமாரி அல்லது டிராயர் எது?

2. சமையல் வேலையில் எதை இன்னும் சாப்பாட்டு மேசையிலோ தரையிலோ வைத்துச் செய்கிறீர்கள்?

3. நீங்களாக எதையாவது ஒட்டியோ, கட்டியோ, அடியில் ஏதாவது வைத்தோ சமாளித்திருக்கிறீர்களா? முடிந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள்."

மூன்றிலும் "பிடித்திருக்கிறதா" என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்வியில் "போன வாரம்" என்று எல்லை வைத்திருப்பது வேண்டுமென்றேதான். "அதிகம் பயன்படுத்தாதது எது?" என்று கேட்டால் யோசிக்க வேண்டும்; யோசித்தால் பதில் நாளைக்கு என்று தள்ளிப்போகும், நாளை மறந்துபோகும். போன வாரம் எதைத் திறக்கவில்லை என்பதற்கு அங்கேயே நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும். அதோடு, திறக்காத அலமாரி எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். "உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிடலாம், "எது?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் காட்டுவது மூலை அலமாரியை. 'ட' வடிவச் சமையலறையில் அந்த மூலைக்குச் சுழலும் தட்டுகள் வைத்துக் கொடுக்கிறோம், செலவும் அதிகம். தீபாவளிக்கு எடுக்கும் பெரிய பாத்திரங்கள்தான் அதில் போய்க் குடியேறுகின்றன.

இரண்டாவது கேள்வி தமிழ்ச் சமையலறைக்கென்றே வைத்தது. எங்கள் விளம்பரப் படங்களில் எல்லாரும் நின்றுகொண்டே சமைக்கிறார்கள். வீடுகளில் அப்படி இல்லை. அரிவாள்மனையில் தேங்காய் துருவுவதும் கீரை ஆய்வதும் வெங்காயம் உரிப்பதும் தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்துதான். அந்த வேலைகளுக்கு நாங்கள் கொடுத்த கிரானைட் மேடையில் இடமில்லை என்பதை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நாங்கள் விட்ட இடத்தை வீட்டுக்காரர்களே அடைத்துக்கொள்வார்கள். அதைக் குறையாகக்கூட நினைக்க மாட்டார்கள். சிங்க் ஓரத்தில் தண்ணீர் வழிவதற்குச் சுருட்டிவைத்த பழைய துண்டு, கதவு மூடும்போது இடிக்காமலிருக்க ஒட்டிய பஞ்சு, டிராயருக்குள் டப்பாக்கள் சரியாமலிருக்கச் செருகிய அட்டை. "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் இதில் ஒன்றும் வெளியே வராது. அதெல்லாம் ஏற்கனவே தீர்ந்த பிரச்சினைகள்.

பணம் கொடுத்தவருக்கு இரண்டே கேள்விகள். எங்கள் ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்து, வராமல் வீணான நாள் எது? கொட்டேஷனில் இல்லாமல் பிறகு சேர்ந்த செலவுகளில், முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தது எது? இரண்டாவதற்கு வரும் பதில்களில் முக்கால்வாசி மரவேலையைப் பற்றியதே அல்ல: பிளம்பர், எலக்ட்ரீஷியன், கிரானைட்டில் சிங்க்குக்கு வெட்டும் கூலி. இதையெல்லாம் யார் தருவது என்று கொட்டேஷனில் ஒரு வரி இல்லாததால் வந்த மனத்தாங்கல்கள். இப்போது அந்த வரி இருக்கிறது.

ஒரு வீட்டை முழுவதுமாகச் சொல்கிறேன். வடவள்ளிப் பக்கம், பத்துக்கு ஒன்பது அடியில் 'ட' வடிவச் சமையலறை. மகன் வெளியூரில் மென்பொருள் வேலை. குடியிருப்பது அப்பாவும் அம்மாவும். மகனிடமிருந்து வந்த பதில் ஒரு கட்டைவிரல் படமும் "எல்லாம் சூப்பர் சார்" என்பதும்தான். அம்மாவுக்கு எங்கள் கணக்குப் பார்க்கும் பெண் போன் செய்தார். நான் பேசாமல் அவரைப் பேசச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கேட்டால் வேலை செய்தவனிடம் சொல்கிறோம் என்று வார்த்தையை அளப்பார்கள். தச்சர் கேட்டால் அவருக்கே கோபம் வரும். கணக்குப் பார்ப்பவருக்கு அந்த அலமாரியில் எந்தப் பெருமையும் இல்லை. கேட்டதை அப்படியே எழுதிவைப்பார். அழைத்தது காலை பதினொன்றுக்கு மேல்: சமையல் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய ஓய்வு நேரம்.

திறக்காதது எது? குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள உயரமான இழுப்பு அலமாரி. மளிகைச் சாமான் முழுவதையும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவருவது. மகன் விரும்பிக் கேட்டது. நிரப்பிய பிறகு அம்மாவால் அதை ஒரு கையால் இழுக்க முடியவில்லை. மேல் இரண்டு தட்டும் அவருக்கு எட்டவில்லை. பருப்பும் அரிசியும் பழைய எவர்சில்வர் டிரம்களிலேயே இருந்தன.

வெளியே செய்வது எது? காய் நறுக்குவது. முழங்கால் வலியால் நிற்க முடியாது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நறுக்குகிறார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

சமாளித்தது? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "அப்படி ஒன்றும் இல்லையம்மா" என்றார். ஆனால் மாலையில் ஒரு போட்டோ வந்தது. மிக்ஸிக்கு அடியில் நான்காக மடித்த நாளிதழ்; அதன் ஒயர் அடுப்புக்குப் பின்னால் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துப் பிளக்கில் மாட்டியிருந்தது. மிக்ஸிக்கென்று வைத்த பிளக் கிரைண்டருக்குப் பின்னால் மறைந்திருந்தது. கோவை வீடு, கிரைண்டர் இல்லாமல் இருக்குமா? கல்லும் மோட்டாருமாகக் கனக்கும் அதைத் தினமும் நகர்த்தி வைக்க அந்த வயதில் யாராலும் முடியாது. படத்தைப் பார்த்தவுடன் எனக்குக் கவலையாகிவிட்டது. எரியும் பர்னருக்கும் அந்த ஒயருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

மறுநாளே எலக்ட்ரீஷியனை அனுப்பினோம். ஓடு ஒட்டிய சுவரை உடைக்க வேண்டாம் என்று, இருக்கும் சுவிட்ச் போர்டிலிருந்து சுவரின் மேலேயே கேசிங் ஓட்டி, மிக்ஸி நிற்கும் இடத்துக்கு அருகே 6 ஆம்பியர் பிளக் ஒன்று வைத்தார். 750 வாட் மிக்ஸிக்கு அது தாராளம். இழுப்பு அலமாரியில் தட்டுகளை இறக்கி மாட்ட வழி இருந்தது; இரண்டைக் கீழே கொண்டுவந்து, கனமானவை அடியில் இருக்கும்படி மாற்றினோம். உட்கார்ந்து நறுக்குவதற்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. கிரானைட் போட்டு முடிந்த மேடை, கீழே அலமாரி. செய்ய முடியாது என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டோம். சொல்லாமல் விட்டிருந்தால் வருவார்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

உட்கார்ந்து நறுக்கும் அந்த விஷயம் பட்டறைக்கு வந்தது. வீட்டை அளக்கப் போகும் முதல் நாளிலேயே இப்போது கேட்கிறோம்: சமைப்பவர் யார், அவர் உயரம் என்ன, உட்கார்ந்து செய்யும் வேலை எது, கிரைண்டர் எங்கே நிரந்தரமாக நிற்கும்? உட்கார்ந்து நறுக்குபவர் என்றால் மேடையில் இரண்டடி அகலத்துக்குக் கீழே அலமாரி வைக்காமல் கால் நீட்ட இடம் விட்டு, அந்தப் பகுதியை மட்டும் தாழ்த்திவிடுகிறோம். மேடை உயரத்தையும் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக வைப்பதில்லை. சமைப்பவரை நிற்கவைத்து, மடக்கிய முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே என்று எடுக்கிறோம்.

பதில் வராவிட்டால்? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுவோம், அதோடு சரி. மூன்று முறை கேட்டால் அது வசூல் அழைப்பாகிவிடும். "எல்லாம் ஓகே" என்று மூன்று கேள்விக்கும் சேர்த்து ஒரே சொல்லில் பதில் வந்தால், அதைப் பாராட்டாகக் கணக்கில் எழுதுவதில்லை. பதில் வரவில்லை என்றே எழுதுகிறோம். பதில் வந்தால் அன்றைக்கே ஒரு வரி திருப்பி அனுப்ப வேண்டும்: எதை எப்போது சரிசெய்வோம், எதை முடியாது. கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதைவிடக் கேட்காமலிருப்பது எவ்வளவோ மேல்.

கூகுளில் நல்லதாக நான்கு வரி எழுதுங்கள் என்ற வேண்டுகோளை இந்தச் செய்தியோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் உள்ளே சொல்ல வேண்டியதும் ஊருக்குச் சொல்ல வேண்டியதும் குழம்பிப்போகும். அம்மா நாளிதழ் படத்தை அனுப்பியிருக்க மாட்டார். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து விமர்சனம் எழுதச் சொல்வதையும், அதற்குத் தள்ளுபடி கொடுப்பதையும் கூகுளின் விதிகளே தடுக்கின்றன. எழுதுபவர்கள் தாமாக எழுதட்டும்.

இந்தக் கேள்விகளுக்கும் எட்டாத இடங்கள் உண்டு. சிங்க்குக்கு அடியில் போட்ட பிளைவுட் தரமானதா என்று ஒரு மாதத்தில் எந்த அம்மாவாலும் சொல்ல முடியாது. தண்ணீர் பட்டு விளிம்பு உப்ப நாளாகும். அதற்காக வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரே ஒரு கேள்வி மறுபடி போகிறது: "மழைக்காலத்தில் எந்தக் கதவாவது உரசியதா, எங்காவது பூசணம் பிடித்ததா?" அதற்குப் பதில் சொல்பவர்கள் குறைவு, சொல்பவர்கள் சொல்வது துல்லியமாக இருக்கிறது.

வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வீடுகளில்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. உரிமையாளர் அங்கே சமைப்பதில்லை. குடியிருப்பவரின் எண்ணை அவர் தருவதில்லை, தந்தாலும் குடியிருப்பவர் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரும் என்று பயந்து வாய் திறப்பதில்லை. அங்கே உரிமையாளரிடம் ஒன்றை மட்டும் கேட்கிறோம்: வாடகைக்கு வந்தவர்கள் இதுவரை எதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டார்கள்? பதிலில் பெரும்பாலும் குழாய்தான் வருகிறது. எப்போதாவது ஒரு டிராயர் வரும். அப்போது சேனலைக் கையில் எடுத்துக்கொண்டு தச்சர் கிளம்புவார்.